குறுக்கே தடவு

தறியிலிருந்து அறுத்த துணியைப் பாட்டி என் மடியில் போட்டாள். "கண்ணை மூடிக்கோ. இதுல ஒரு குறை இருக்கு. எங்கேன்னு சொல்லு."

எனக்கு அப்போது பத்து வயது. உள்ளங்கையை அழுத்தி மேலிருந்து கீழே தேய்த்தேன். வழுவழுவென்று இருந்தது. மறுபடி தேய்த்தேன். "ஒண்ணும் இல்லையே பாட்டி."

"அழுத்தினா உன் கையைத்தான் உனக்குத் தெரியும், துணி தெரியாது" என்றாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து, விரல் நுனிகள் மட்டும் படும்படி தூக்கி வைத்தாள். "பாவு நீளவாட்டுல ஓடுது. பாவுல ஒரு இழை அறுந்தா அந்தக் கோடும் நீளமாத்தான் ஓடும். நீயும் நீளவாட்டுலயே தடவினா, அதுகூடவே போயிடுவ. குறுக்கே போ."

ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெல்ல நகர்த்தினேன். பாதி தாண்டியதும் நகம் மெல்லிய பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியது. ஒரு மயிரிழை அகலம்கூட இருக்காது. திரும்பப் போனேன், அதே இடத்தில் மறுபடி இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோதுதான் ஊசிக்கோடு போல ஒன்று தெரிந்தது. தறியில் சீப்பு போல இருக்கும் அச்சில், ஒரு பல்லிடுக்குக்குள் இரண்டு இழை போக வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போயிருந்தது.

பாட்டியின் விரல் நுனிகள் பல வருஷம் இழைகளை முடிச்சுப் போட்டுக் காய்த்துப் போனவை. அதனால் அவள் விரல்களின் பின்புறத்தால் தடவுவாள். சில நேரம் துணியைக் கன்னத்திலும் வைத்துப் பார்ப்பாள். அவள் அப்படிக் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது யாரும் பேசமாட்டோம்.

"சரி, இப்போ ஊடை" என்றாள். "இதுக்கு நீளவாட்டுல போகணும். ஏன்னு சொல்லு."

"ஊடை குறுக்கே ஓடுது. குறையும் குறுக்கேதான் இருக்கும்."

பதில் சொல்லாமல் துணியை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு முழம் போயிருப்பேன். துணி அங்கே மட்டும் மெத்தென்று தொய்ந்திருந்தது, இரண்டு விரல் அகலத்துக்கு. அதைத் தாண்டியதும் மறுபடி இறுக்கம். "இங்கே தளர்ந்திருக்கு பாட்டி. என்ன ஆச்சு?"

பாட்டி தன் விரல்முதுகை அங்கே வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"முந்தாநாள் நீ முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டு அழுதுட்டு வந்தியே. ஊடை ஓட்டிட்டிருந்த நாடாவைப் பாதியில விட்டுட்டு எழுந்து ஓடினேன். திரும்ப வந்து உட்கார்ந்து அடிச்ச முதல் இழைகள்ல கை சரியா விழல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முட்டியில் புண் இன்னும் காயவில்லை.

"இன்னும் ரெண்டு இடம் இருக்கு" என்றாள். "கண்ணை மூடு."