நள்ளிரவுக்கு முன்

அத்தை மகனின் திருமணக் காணொளிக்கான இணைப்பு, எவரும் அதிகம் பேசாத உறவினர் குழுவில் ஒரு வாரமாகத் திறக்கப்படாமலேயே கிடந்தது. இன்று நள்ளிரவுடன் அது காலாவதியாகும் என்ற குறிப்பைப் பார்த்த அப்பா, இரவு உணவுக்குப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று நிதானமாகவே இருந்தார். அந்த நள்ளிரவு படப்பிடிப்பாளர் வசிக்கும் ஊருக்குரியது என்பதும், கடல் தாண்டி மேற்கே இருக்கும் தங்களுக்கு அது மாலையிலேயே வந்துவிடும் என்பதும் மூத்த மகள் கவிதாவுக்குத்தான் உறைத்தது. ஐந்து மணி நேரம்கூட மீதம் இல்லை.

மூன்று கோப்புகளும் சேர்ந்து 36 ஜிபி இருந்தன. வீட்டு இணையம் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தைத் தாண்டாததால், கணக்குப்படி அனைத்தையும் இறக்க ஐந்து மணி இருபது நிமிடம் வேண்டும். அதைக் கணக்கிடுவதற்கு முன்பே தம்பி, எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக வெளி வன்தட்டில் இறக்கத் தொடங்கியிருந்தான். 4 ஜிபியைத் தொட்டதும் அது நின்றுபோனது. அந்தப் பழைய வன்தட்டு எஃப்ஏடி32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்ததால், அதைவிடப் பெரிய ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. வடிவத்தை மாற்றினால் அதிலுள்ள குடும்பப் படங்கள் அழிந்துவிடும். முக்கால் மணி நேரம் வீணானது.

கவிதா 12 ஜிபி, 14 ஜிபி கோப்புகளைத் தனித்தனியாக மடிக்கணினியின் உள்வட்டிலேயே இறக்கத் தொடங்கி, 10 ஜிபி கோப்பைத் தம்பியின் கைப்பேசியிடம் ஒப்படைத்தாள். கைப்பேசிக்குத் தனித் தரவுத் திட்டம் இருந்ததால் வீட்டு இணையத்தின் வேகம் பங்கு போகவில்லை. அம்மா தொலைக்காட்சித் தொடரை நிறுத்தினார். அவர் செய்த தியாகங்களில் இதை மட்டும் யாரும் கேட்டுப் பெறவில்லை. திரை அணைந்தால் இறக்கம் நின்றுவிடுமோ என்று பயந்த தம்பி, அவ்வப்போது கைப்பேசியைத் தொட்டபடியே அமர்ந்திருந்தான். படப்பிடிப்பாளரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்க அப்பா பலமுறை அழைத்தும் பதில் இல்லை.

கடைசிக் கோப்பு முழுமையாக இறங்கியபோது பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே மீதமிருந்தது. பாதியில் அறுந்த கோப்பும் சில நேரம் முழுமையானதுபோலவே தோன்றும் என்பதால், கவிதா மூன்றையும் திறந்து, இறுதிக் காட்சி வரை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன.

மறுநாள் காலையில் அத்தை அழைத்தார்.

"அண்ணா, அந்த இணைப்பு உங்களுக்காவது திறக்கிறதா? இங்கே காலாவதி என்று வருகிறது. நீங்கள் எல்லோரும் பார்த்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்."

அப்பா ஒரு நொடி மகளைப் பார்த்தார்.

"எங்களிடம் இருக்கிறது அம்மா. அனுப்பி வைக்கிறோம். ஆனால் இந்த முறை அன்றைக்கே இறக்கிக்கொள்."

வீட்டில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தில் பாதிகூட இல்லை. அம்மா தொலைக்காட்சியை மீண்டும் அணைத்தார்.