ஒரே தலைப்புள்ள இரு குறிப்புகளில் ஒன்று மட்டுமே தேடலில் கிடைக்கிறது (திருத்தி எழுதிய வழு அறிக்கை)

முதல் அறிக்கை “தமிழில் தேடல் வேலை செய்வதில்லை, முன்பு சரியாக இருந்தது, யூனிகோட் சிக்கலாக இருக்கும்” என்று நடந்ததையும் ஊகத்தையும் ஒரே பத்தியில் கலந்திருந்ததால், அதை யாராலும் மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை. ஆகவே அதைப் பிரித்து எழுதியிருக்கிறேன். பதிப்பு 3.1-லும் இதே விளைவு வருவதால் “முன்பு சரியாக இருந்தது” என்ற கூற்றை நீக்கிவிட்டேன்.

சூழல்

குறிப்பேட்டுச் செயலியின் பதிப்பு 3.2, லினக்ஸ் கணினி, புதிய, வெறுமையான பயனர் கணக்கு.

செய்முறை

1. பாஷ் முனையத்தில் கீழ்க்கண்ட கட்டளைகளால் இரண்டு கோப்புகளை உருவாக்கவும். திரையில் இரண்டும் “கோபுரம்” என்றே தெரியும். முதலாவதில் ஓகாரக் குறி இரண்டு குறியீடுகளாகவும், இரண்டாவதில் ஒன்றாகவும் உள்ளது.

```
printf '\u0B95\u0BC7\u0BBE\u0BAA\u0BC1\u0BB0\u0BAE\u0BCD' > a.txt
printf '\u0B95\u0BCB\u0BAA\u0BC1\u0BB0\u0BAE\u0BCD' > b.txt
```

2. இரண்டு கோப்புகளையும் செயலியில் இறக்குமதி செய்யவும். முதல் வரியே குறிப்பின் தலைப்பாகிறது.
3. `b.txt` கோப்பிலுள்ள சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, என்டர் விசையை அழுத்தவும்.

எதிர்பார்க்கும் விளைவு

இரண்டு குறிப்புகளும் பட்டியலில் வர வேண்டும். இவ்விரு குறியீட்டு வரிசைகளும் சமமானவை என்று யூனிகோட் தரம் வரையறுக்கிறது. படிப்பவர் கண்ணுக்கும் அவற்றில் வேறுபாடு இல்லை.

உண்மையில் நிகழ்வது

`b.txt` கோப்பிலிருந்து வந்த குறிப்பு மட்டுமே வருகிறது; பிழைச் செய்தி எதுவும் தோன்றுவதில்லை. `a.txt` கோப்பிலுள்ள சொல்லை ஒட்டித் தேடினால், அதற்குரிய குறிப்பு மட்டும் வந்து மற்றது விடுபடுகிறது. “புரம்” என்று தேடினால் இரண்டும் வருகின்றன. ஆகவே தமிழ்த் தேடல் முழுவதும் பழுதடைந்துவிட்டதாகச் சொல்ல இடமில்லை. எத்தனை முறை செய்தாலும் இதே விளைவுதான்.

பாதிப்பு

குறிப்பு அழிந்துவிட்டது என்று நம்பிப் பயனர் அதையே மறுபடி எழுத நேர்கிறது. தரவு இழப்பு இல்லை என்றாலும், எச்சரிக்கை ஏதுமின்றி இது நிகழ்வதால் முன்னுரிமையை “உயர்” என்று குறித்திருக்கிறேன்.

ஊகம் (உறுதிசெய்யப்படவில்லை)

செயலி உரையை இயல்பாக்காமல் குறியீடு குறியீடாக ஒப்பிடுகிறது போலும். அப்படியானால் தேடுசொல்லையும் தேடல் அட்டவணையையும் `NFC` வடிவுக்கு மாற்றினால் போதும். ஆனால் ஏற்கெனவே சேமித்த குறிப்புகளுக்கும் அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும். `U+0BCA`, `U+0BCC` ஆகிய ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இத்தகைய இரட்டை வடிவம் உண்டு என்பதால், திருத்தத்தைச் சோதிக்கும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.