கடை கரண்ட் கணக்கு: ஆகஸ்ட், செப்டம்பர்

அக்கா, லைனிங் பிளவுஸுக்கு 30 ரூபாய் ஏற்றலாம், கரண்ட் பில்தான் காரணம் என்றீர்கள். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு துணிக்குக் கரண்ட் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிடலாமென்று உட்கார்ந்தேன். எலக்ட்ரீஷியன் தம்பியிடம் வாட் காட்டும் பிளக் மீட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு நாள் ஒவ்வொரு மெஷினாக மாட்டிப் பார்த்து எழுதியது இது.

ரெண்டு மாதத்துக்கு 496 யூனிட், பில் 6,820 ரூபாய். மாதத்துக்கு 248 யூனிட், 3,410 ரூபாய். நிலைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து வகுத்தால் யூனிட் 13.75 ரூபாய் ஆகிறது. வீட்டு பில்லை மனதில் வைத்துக் கடைக்குக் கணக்குப் போடக் கூடாது. இது கடை இணைப்பு, இலவச யூனிட் எதுவும் கிடையாது.

இனி எது எவ்வளவு தின்கிறது. வாட்டை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். மாதம் 26 நாள் வேலை.

பவர் மெஷின் இரண்டும்தான் பெரிய ஆள். தைக்கும்போது ஒவ்வொன்றும் 300 வாட். ஆனால் பெடலை மிதிக்காமல் சும்மா நின்றாலும் அந்த கிளட்ச் மோட்டார் ஊங்... என்று சுற்றிக்கொண்டே 180 வாட் இழுக்கிறது. சுவிட்ச் நாளைக்கு 7 மணி நேரம் போட்டிருக்கிறது. ஊசி ஓடுவது அதில் சுமார் 3 மணி நேரம். மீதி 4 மணி நேரம் தையல் பிரிப்பது, துணி திருப்புவது, மாஸ்டர் டீ குடிப்பது. ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு தையலுக்கு 0.90, சும்மா சுற்றுவதற்கு 0.72 யூனிட். இரண்டுக்கும் மாதம் 84 யூனிட். இதில் 37 யூனிட் ஒரு தையல்கூடப் போடாமல் போனது!

மற்றவை:

| எது | கணக்கு | மாத யூனிட் |
|---|---|---|
| ஃபேன் 3 | 75 வாட், 10 மணி | 58.5 |
| அயர்ன் பாக்ஸ் | 1000 வாட், 3 மணி, பாதி நேரம் தானாக அணையும் | 39 |
| டியூப் லைட் 6 | 20 வாட், 10 மணி | 31 |
| ஓவர்லாக் | 300 வாட், 2 மணி | 15.5 |
| ஃபால்ஸ், பிக்கோ மெஷின் | 100 வாட், 2 மணி | 5 |
| மெஷின் விளக்குகள் 4 | 3 வாட், 7 மணி | 2 |

மெஷினோடு சேர்த்து 235. மீட்டரில் 248. மிச்சம் 13 யூனிட் போன் சார்ஜர், ரேடியோ, என் கணக்கின் தோராயம் எல்லாம். பரவாயில்லை, பொருந்துகிறது.

துணிக்கு வருவோம். மாதம் 340 உருப்படி; 3,410-ஐ வகுத்தால் தலைக்கு 10 ரூபாய். ஆனால் ஃபால்ஸ் அடிப்பதும் லைனிங் பிளவுஸும் ஒன்றா? அதனால் மெஷின் நேரப்படி பிரித்தேன். இரண்டு மெஷினுக்கும் மாதம் 364 மணி நேரம், மணிக்கு 9.37 ரூபாய்.

| துணி | மாதம் | நேரம் | கரண்ட் |
|---|---|---|---|
| லைனிங் பிளவுஸ் | 110 | 1¾ மணி | ரூ. 16.40 |
| சாதா பிளவுஸ் | 60 | 1 மணி | ரூ. 9.40 |
| சுடிதார் செட் | 50 | 1½ மணி | ரூ. 14.05 |
| ஃபால்ஸ், ஆல்டரேஷன் | 120 | 18 நிமிடம் | ரூ. 2.80 |

350 ரூபாய் வாங்கும் லைனிங் பிளவுஸில் கரண்டே மொத்தம் 16 ரூபாய்தான். அதைச் சொல்லி 30 ரூபாய் ஏற்றினால் கணக்குத் தெரிந்த கஸ்டமர் சிரிப்பார். மாஸ்டர் கூலியும் லைனிங் துணியும் ஏறியிருக்கின்றன, அதைச் சொல்லி ஏற்றுங்கள், நானும் வழிமொழிகிறேன்.

குறைக்கிற இடம் மோட்டார். பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும் சர்வோ மோட்டார் போட்டால் ஊசி ஓடாத நேரத்தில் 10 வாட் அளவுதான். தைக்கும்போது சராசரி 150 என்று வைத்தால், இரண்டுக்கும் மாதம் 84 போய் 25 யூனிட் ஆகும். 59 யூனிட் மிச்சம். இதை 13.75-ஆல் பெருக்காதீர்கள், நிலைக் கட்டணம் குறையாதே. அதைக் கழித்தால் யூனிட் 11 ரூபாய் சொச்சம். மாதம் 650 ரூபாய் போல மிஞ்சும். கடைக்காரர் ஜோடி 11,000 சொல்கிறார், 17 மாதத்தில் முதல் வந்துவிடும். தீபாவளிக்கு முன் ஒன்று மாற்றிப் பார்க்கலாம். மாஸ்டருக்குப் பெடல் பழக்கம் மாறும், அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

அதுவரை காசு செலவில்லாத வேலை ஒன்று: ஊக்கு வைக்கும்போதும் டீ நேரத்திலும் மெஷின் சுவிட்சை அணைப்பது. நாளைக்கு 2 மணி நேரம் அணைத்தால் இரண்டு மெஷினுக்கும் மாதம் சுமார் 19 யூனிட், 200 ரூபாய் போல. அணைக்க மறந்தவர் அன்றைய டீக்குக் காசு கொடுக்கட்டும்.