பொருள்: தையல் வகுப்பு இணையதளம் – கோப்புகளையும் லாகின் விவரங்களையும் ஒப்படைக்க வேண்டி

வணக்கம் கார்த்திக்,

நலமாக இருக்கிறீர்களா? முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 21 அன்று "திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு செப்டம்பர் 2, 14 தேதிகளில் நான் அனுப்பிய மெயில்களுக்குப் பதில் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், மணி அடித்து நின்றுவிட்டது. ஆறு வருடமாக உங்களைத் தெரியும். சொன்னால் சொன்னபடி செய்கிறவர். அதனால் ஏதோ சிரமம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். உடம்புக்கு முடியவில்லையோ, வீட்டில் ஏதாவதோ, வேறு வேலையில் சேர்ந்துவிட்டீர்களோ, எதுவாக இருந்தாலும் நீங்கள் எனக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்றில்லை.

தளத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி இந்த மெயிலை எழுதவில்லை. அதை இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அதற்கு வேண்டிய சாவிகள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன, அவற்றை மட்டும் ஒப்படைத்தால் போதும். இன்று அக்டோபர் 5. வருகிற 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர முடியுமா?

ஏன் தேதி குறிக்கிறேன் என்றால், டொமைன். வகுப்புக்குப் புதிதாக உதவிக்கு வந்திருக்கும் பெண் நம் டொமைனைப் பொதுப் பதிவில் தேடிப் பார்த்தாள். இப்படி வந்தது:

```
Registry Expiry Date: 2026-11-09T04:00:00Z
Domain Status: clientTransferProhibited
```

நவம்பர் 9-க்கு இன்னும் ஐந்து வாரம்தான். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் மெயில்கள் எல்லாம் உங்கள் முகவரிக்குத்தான் வருகின்றன, எனக்கு ஒன்றும் வருவதில்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறீர்களா, அதில் கொடுத்த கார்டு இன்னும் செல்லுமா என்பதும் தெரியவில்லை. உரிமையாளர் பெயரைப் பொதுப் பதிவில் மறைத்திருப்பதால், அது என் பெயரில் இருக்கிறதா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியவில்லை. காலாவதியான அன்றே டொமைன் போய்விடாது, சில வாரங்கள் மீட்க வழி உண்டு என்று படித்தேன். ஆனால் அதற்குள் தளம் நின்றுவிடும், மெயிலும் நின்றுவிடும். அந்தப் பெயரைத்தான் ஆறு வருடமாக எல்லா ரசீதிலும் சான்றிதழிலும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. நீங்கள் டொமைன் பதிவு செய்த அதே நிறுவனத்தில் நானும் ஒரு கணக்கு திறந்துவிட்டேன். அவர்கள் உள்ளேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவார்களாம். உங்கள் கணக்கிலிருந்து என் மெயில் முகவரிக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அது ஒத்துவராவிட்டால், பூட்டை எடுத்துவிட்டு மாற்றக் குறியீட்டை அனுப்புங்கள், வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். அதற்கு ஐந்தாறு நாள் ஆகும், உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால் 60 நாள் பூட்டு விழவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் வழிதான் நல்லது என்று நினைக்கிறேன். வேறு எதுவும் முடியாவிட்டாலும் தயவுசெய்து இது ஒன்றை மட்டுமாவது முதலில் செய்துவிடுங்கள்.

அடுத்தது பதிவுப் படிவம். இதை எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, உங்கள் மேல் கோபம் இல்லை. போன வாரம் ஓர் அம்மா நேரில் வந்தார். "மூன்று தடவை எழுதினேன், ஒரு பதிலும் இல்லை. வயசானவளுக்குச் சொல்லித்தர மாட்டீர்களோ என்று நினைத்தேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரி நானே தளத்துக்குப் போய் என் பெயர் போட்டு, படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். "நன்றி, உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது" என்று பச்சை எழுத்தில் வந்தது. இரண்டு நாள் பார்த்தேன், ஸ்பேமிலும் தேடினேன். மெயில் வரவே இல்லை. ஜூலையில் தளத்தைப் புதுப்பித்தபோது சோதனைக்காக உங்கள் முகவரியைப் போட்டது அப்படியே இருக்கிறதோ என்று சந்தேகம். அப்படியானால் மூன்று மாதமாக வந்த விண்ணப்பங்கள் எல்லாம் உங்கள் இன்பாக்ஸில் இருக்கும். அவற்றை அப்படியே எனக்கு அனுப்பிவிடுங்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நான் பேசிக்கொள்கிறேன். அனுப்பிய பிறகு உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள். அதில் அவர்களுடைய போன் நம்பரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன, நம்பிக் கொடுத்தவை.

தளத்தில் இருக்கும் என் கணக்கு எடிட்டர் மட்டத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் படிவம் எந்த முகவரிக்குப் போகிறது என்றுகூட என்னால் பார்க்க முடியவில்லை. என் கணக்கை `Administrator` ஆக்கிவிட்டால் பாதிப் பிரச்சினையை நாங்களே தீர்த்துவிடுவோம். உங்களுக்கு ஐந்து நிமிட வேலைகூட இருக்காது.

அப்புறம் கோப்புகள். ஹோஸ்டிங் கணக்கு உங்கள் மற்ற வாடிக்கையாளர்களோடு சேர்ந்து ஒரே கணக்கில் இருப்பதாக முன்பு சொன்ன ஞாபகம். அப்படியென்றால் அதன் பாஸ்வேர்டை எனக்குக் கொடுப்பது சரியாக இருக்காது, கேட்கவும் மாட்டேன். முழு பேக்கப் ஒன்று எடுத்து, பதிவிறக்க இணைப்பை மட்டும் அனுப்புங்கள். `wp-content` ஃபோல்டர் முழுவதும், டேட்டாபேஸின் `.sql` கோப்பும் இருந்தால் புது ஹோஸ்டிங்கில் நாங்கள் ஏற்றிக்கொள்வோம். தளத்தின் உள்ளே இருக்கும் எக்ஸ்போர்ட் வசதியில் எடுத்தால் எழுத்து மட்டும்தான் வருகிறது, படங்கள் அதில் சேர்வதில்லை. எனக்கு முக்கியமே அந்தப் படங்கள்தான். மாணவிகள் முதல்முதலாகத் தைத்து முடித்த உடையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்கள், ஆறு வருடத்து ஆட்கள். என் பழைய கம்ப்யூட்டர் போனபோது அசல்கள் போய்விட்டன. `uploads` ஃபோல்டரில் இருப்பதுதான் இப்போது மிச்சம். நீங்கள் புது ஹோஸ்டிங்குக்கு மாறும்போதோ கணக்கை மூடும்போதோ அது தெரியாமல் அழிந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை. ஆகவே பேக்கப் என் கைக்கு வந்து, திறந்து பார்த்து, "சரி, எல்லாம் இருக்கிறது" என்று நான் எழுதும்வரை அங்கிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.

டிஎன்எஸ் பக்கத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். மெயிலுக்கான `MX` வரிகளும் `TXT` வரிகளும் தெரியாமல் மாற்றப் போய், இருக்கிற மெயிலும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய தீமும், படிவ பிளகினும் யார் பெயரில் வாங்கப்பட்டவை? உங்கள் பொது லைசென்ஸில் போட்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள், நாங்கள் புதிதாக வாங்கிக்கொள்கிறோம். லோகோவின் மூலக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கும் அனலிடிக்ஸ் கணக்கிலும் சர்ச் கன்சோலிலும் என் மெயிலை நிர்வாகியாகச் சேர்த்தால் போதும், உங்கள் பாஸ்வேர்ட் வேண்டாம்.

பாஸ்வேர்ட் எதையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் மெயிலில் எழுதாதீர்கள். பயனர் பெயரை மெயிலிலும் பாஸ்வேர்டைப் போனிலும் சொல்லுங்கள். கைக்கு வந்தவுடன் நாங்கள் மாற்றிவிடுவோம். சில கணக்குகளில் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும் என்று தெரியும். பாஸ்வேர்ட் மட்டும் இருந்து அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஒரு அரை மணி நேரம் நீங்களும் நாங்களும் ஒரே சமயத்தில் போனில் இருந்தால் முடித்துவிடலாம். ராத்திரி பத்து மணியானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். தளத்தில் இருப்பது வகுப்பின் பழைய நம்பர், அதற்குக் கூப்பிட்டால் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். என் சொந்த நம்பர் மாறவில்லை.

பண விஷயம். ஜூலை வேலைக்கான கடைசித் தவணை என்னிடம் பாக்கி இருக்கிறது. பில் வந்தால் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன், நானே இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். ஒருவேளை அதுதான் மனதில் இருந்ததென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். பில் அனுப்பிய அன்றே போட்டுவிடுகிறேன். ஒப்படைப்புக்கு ஆகும் நேரத்தையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், சும்மா செய்து தரச் சொல்லவில்லை. ஆனால் பாக்கி இருக்கிறது என்பதற்காக டொமைனைத் தாமதிக்க வேண்டாம், அதைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

16-ஆம் தேதிக்குள் எந்தத் தகவலும் இல்லையென்றால், டொமைன் நிறுவனத்திடம் வகுப்பின் பதிவுச் சான்றையும், உங்களுக்கு நான் பணம் கட்டிய ரசீதுகளையும் கொடுத்து நேரடியாக விண்ணப்பிப்பேன். மிரட்டுவதாக நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இப்போது இதையெல்லாம் செய்யும் நிலையில் நீங்கள் இல்லையென்றால் "மெயில் கிடைத்தது" என்று இரண்டே வார்த்தை எழுதுங்கள். அல்லது உங்கள் கணக்குகளைப் பார்க்கக்கூடிய நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அளவுப் பட்டியல் பக்கத்தில் எழுத்து சிறியதாக இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை என்று மாணவிகள் சொன்னபோது, கேட்காமலே மறுநாள் காலைக்குள் பெரிதாக்கி வைத்திருந்தீர்கள். இன்றைக்கும் தைக்கும்போது போனை மிஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். புதிதாக யார் தளத்தைத் தொட்டாலும் அந்தப் பக்கத்தை மாற்றக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா