கட்டுமானப் பொறியாளர் பதிவுக்கான அனுபவ விவரக் குறிப்பு

பதிவு அலுவலர் அவர்களுக்கு,

பணி: குளச்சலில் கடற்கரையிலிருந்து சுமார் 900 மீட்டர் தொலைவில் தரைத்தளமும் 2 மாடிகளும் கொண்ட குடியிருப்பு.
பொறுப்பு: சைட் இன்ஜினியர், ஜூன் 2021 முதல் மே 2023 வரை.

வடிவமைப்பு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது. வரைபடப்படி கம்பி, ஷட்டரிங், கான்கிரீட் சரிபார்ப்பதும், ஊற்ற அனுமதிப்பதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. அஸ்திவாரக் குழி, செங்கல் கட்டு, பூச்சு அளவுகளையும் நானே எடுத்தேன் (இணைப்பு 1: அளவுப் புத்தகம்).

உப்புக்காற்று நேரடியாகப் படும் இடம் என்பதால் ஐ.எஸ். 456-இன் 'கடுமையான' சூழல் வகை பின்பற்றப்பட்டது: எம்30 கான்கிரீட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கவர் 45 மி.மீ. கவருக்குச் செங்கல் துண்டு வைக்கும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்தினேன். செங்கல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிக் கம்பிக்கே கொண்டு சேர்க்கும். அதே தரக் கான்கிரீட்டில் கவர் பிளாக் வார்த்து, தண்ணீரில் ஆற்றிய பிறகே வைத்தோம். ஸ்லாப் மேல் கம்பி மிதிபட்டு இறங்காமலிருக்கச் சேர் கம்பிகளும், நடக்கப் பலகைகளும் போட்டோம் (இணைப்பு 2: ஊற்றுவதற்கு முந்தைய சரிபார்ப்புத் தாள், அளவுநாடா வைத்து எடுத்த படங்கள்).

தளத்துக் கிணற்று நீரில் குளோரைடு லிட்டருக்கு 780 மி.கி. இருந்தது. கம்பிக் கான்கிரீட்டுக்கு வரம்பு 500. கலவைக்கும் ஆற்றுவதற்கும் வெளியிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கினோம். செலவு கூடினாலும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை (இணைப்பு 3: நீர்ச் சோதனை அறிக்கை).

முதல் மாடி ஸ்லாப், பீம் 42 கன மீட்டர். விதிப்படி 4 மாதிரி, 12 கியூப். 7 நாள் சோதனைக்குத் தனியே 6. நான்குமே தேறின. அடுத்துப் போட்ட தூண்களில் ஒரு மாதிரியின் 28 நாள் சராசரி 26.1 நியூட்டன்/ச.மி.மீ.; தனி மாதிரிக்கு 27 வேண்டும். ஸ்லம்ப் 100 மி.மீ. சரிபார்த்த பிறகு, கான்கிரீட் இறுகுகிறதென்று லாரியில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மறுமுறை அளக்கத் தவறியது என் மேற்பார்வைக் குறை. மேல்தள வேலையை நிறுத்தி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு எழுத்தில் தெரிவித்தேன். அவர் குறித்த இடங்களில் எடுத்த 3 கோர்களின் சமமதிப்பு கியூப் வலிமை 27.4, 28.9, 26.8. சராசரி 27.7, தேவை 25.5, தனி மதிப்பு எதுவும் 22.5-க்குக் கீழில்லை. அவர் எழுத்தில் ஏற்ற பிறகே வேலை தொடர்ந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு லாரியிலும் ஊற்றும் இடத்தில் ஸ்லம்ப் எடுத்தோம். தண்ணீர் விட்ட லாரி திருப்பி அனுப்பப்பட்டது (இணைப்பு 4: கியூப் பதிவேடு, கடிதங்கள், கோர் அறிக்கை).

பி.பி.சி. சிமெண்ட் என்பதால் 10 நாள் ஆற்றினோம். 4.5 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்லாப் முட்டுகள் 14 நாளுக்கு முன் எடுக்கப்படவில்லை. கழற்றிய தேதிகள் தள நாட்குறிப்பில் உள்ளன (இணைப்பு 5).

மேற்கண்டவை உண்மை. மூல ஆவணங்களை நேரில் காட்டத் தயாராக இருக்கிறேன்.

விண்ணப்பதாரர்
நாகர்கோவில்