மார்கழிக் கடைசி வாரத்தில் நம் பறவை பார்ப்போர் குழுவுக்கு வந்திருப்பவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் குழுவில் சேர்ந்தவர்கள் எழுதியிருந்த அறிமுக வரிகளை ஒன்றுவிடாமல் படித்த பிறகே இதை எழுதுகிறேன். நாலாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்கும் இடத்தில் புதிதாக நுழைகிறவருக்கு, தாம் வந்ததை யாரேனும் கவனித்தார்களா என்ற கூச்சம் இருக்கும். கவனித்தோம். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வாழ்த்தை அனுப்பாமல், அவரவர் கேட்டதற்கும் சொன்னதற்கும் தனித்தனியே பதில் எழுதியிருக்கிறேன். பழைய உறுப்பினர்களும் இவற்றைப் படித்து, தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாம்பன் அண்ணன் அவர்களுக்கு,

வாருங்கள் அண்ணே. "படகுக்குப் போகிறவன், படிப்பு அதிகமில்லை, பறவைகளின் பெயர் தெரியாது, பார்க்க மட்டும் பிடிக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். பார்க்கப் பிடித்தவர்கள் சேர்ந்ததுதான் இந்தக் குழு. அதோடு, கரையிலேயே நின்று பார்க்கும் எங்களுக்குக் கிடைக்காத காட்சி உங்களுக்குத் தினமும் கிடைக்கிறது. ஆலாக்கள் கூட்டமாக வட்டமிட்டுத் தண்ணீரில் விழும் இடத்தில் சிறுமீன் கூட்டம் மேலே வந்திருக்கிறது என்பதை நீங்கள் தொழிலின் வழியாக அறிந்திருப்பீர்கள். அந்த ஆலாக்களில் கொண்டை உள்ளவை எவை, அலகு மஞ்சளாக இருப்பவை எவை, செம்மையாக இருப்பவை எவை என்று அடுத்த முறை சற்று உற்றுப் பார்த்து எழுதினால், அவை எந்த வகை என்பதை இங்கே இருப்பவர்கள் சேர்ந்து கண்டுபிடித்துவிடுவார்கள். கைப்பேசியில் எடுத்த படம் மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள். வடகடலில் பார்த்தீர்களா தென்கடலில் பார்த்தீர்களா, அன்று வாடையா கொண்டலா என்று ஒரு வரி சேர்த்தால், அது அழகான படத்தைவிடப் பயன்படும். கச்சான் பலமாக அடிக்கும் மாதங்களில் ஆழ்கடல் பறவைகள் காற்றுக்கு ஒதுங்கி நம் பக்கம் வருவதுண்டு. அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு கரையில் நிற்பவர்களைவிட உங்களுக்கே அதிகம்.

உங்களிடம் கேட்க எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பாம்பனில் ஒவ்வொரு கடற்பறவையையும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள் என்பதை, நினைவுக்கு வரும்போதெல்லாம் இங்கே எழுதி வையுங்கள். புத்தகங்களில் இருக்கும் பெயர்கள் பல நேரம் உள்நாட்டு ஏரிக்கரைகளில் வழங்குபவை, கடலில் வழங்கும் பெயர்களை எழுதி வைத்தவர்கள் குறைவு. இன்னொன்று, வலையில் சிக்கியோ கரையில் ஒதுங்கியோ கிடக்கும் பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால், அதிலுள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரை போன்ற இடங்களில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். அந்த எண்ணிலிருந்து, பறவை எங்கே, எந்த ஆண்டில் பிடித்து விடப்பட்டது என்பது தெரியவரும். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்ற வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு பறக்க விட்டுவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து துபாய் சென்றிருக்கும் சகோதரருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊரைவிட்டுத் தொலைவில் இருப்பதால் குழுவில் பங்கெடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். நம் கடற்கரைக்கும் நீங்கள் இருக்கும் வளைகுடாவுக்கும் இடையே ஆண்டுதோறும் போய் வரும் பறவை ஒன்று உண்டு. வெள்ளை உடலும் கருப்பு முதுகும், நண்டின் ஓட்டை உடைக்கும் தடித்த கருப்பு அலகும் கொண்ட நண்டுதின்னிதான் அது. அரேபியக் கடலோரத் தீவுகளின் மணலில் வளை தோண்டி, அதற்குள் வெள்ளை முட்டை இடுகிறது. கரைப்பறவைகளில் இப்படி வளைக்குள் முட்டையிடும் வழக்கம் உள்ளது இது ஒன்றுதான். குஞ்சு பொரித்த பிறகு ஒரு பகுதி இந்தியக் கரைகளுக்கும் வருகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய சேற்றுத் திட்டுகளில் குளிர்காலத்தில் அதைப் பார்த்திருக்கிறோம். உங்கள் வசிப்பிடத்துக்கு அருகில் ராஸ் அல் கோர் சரணாலயம் இருக்கிறது. நகரத்தின் நடுவிலேயே பூநாரைகள் கூட்டமாக மேயும் அந்த இடத்தில் பார்வையாளர்களுக்கென மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். விடுமுறை நாள் காலையில் அங்கே போய்விட்டு வந்து எழுதுங்கள். அதே காலையில் தனுஷ்கோடியில் பார்த்ததை இங்கிருப்பவர்கள் எழுதுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருக்கிறது.

இராமநாதபுரம் கல்லூரித் தம்பிக்கு,

"எல்லா உள்ளானும் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரித்தறிவது?" என்பது நல்ல கேள்வி. பல ஆண்டுகள் பார்த்தவர்களும் அதில் தடுமாறுவார்கள். நிறத்தை நம்பித் தொடங்காதீர்கள், ஏனெனில் குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் சாம்பலும் வெண்மையுமாகவே இருக்கும். நடையைப் பாருங்கள். சில அடி ஓடி, சட்டென நின்று, பார்த்து ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் அது பெரும்பாலும் உப்புக்கொத்தி. பெரிய கண்ணால் இரையைத் தேடுவதால் அதற்கு நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. தலையை நிமிர்த்தாமல் தையல் எந்திரத்தின் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் அது உள்ளான் வகை. அலகின் நுனியால் தொட்டுத் தொட்டு இரையை உணர்ந்து எடுக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்கக் கண் பழகிவிட்டால், அலகின் நீளத்துக்கும் கால் நிறத்துக்கும் பிறகு போகலாம். பேருந்துக்குச் செலவழிக்க வேண்டாமென்றால் சக்கரக்கோட்டைக் கண்மாய் உங்களுக்கு மிதிவண்டித் தூரம்தான். பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அங்கிருந்தே பட்டியல் அனுப்பலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த வகைகளையும் எண்ணிக்கையையும் eBird செயலியில் பதிந்தால் போதும். தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல் விட்டுவிடுவதே சரி.

தொண்டியிலிருந்து எழுதிய அக்காவுக்கும் அவர் மகளுக்கும்,

மகள் நோட்டில் வரைந்த செம்பருந்தின் படம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வெள்ளைத் தலையையும் செங்கல் நிற முதுகையும் சரியாகக் கவனித்து வண்ணம் தீட்டியிருக்கிறாள். சிறுவர்கள் கேள்வி கேட்கலாமா என்று தயங்கியிருந்தீர்கள், அக்கா. தயங்கவே வேண்டாம். அவள் பெயரும் முகமும் பள்ளியும் குழுவில் வர வேண்டியதில்லை, உங்கள் கணக்கிலிருந்தே கேள்விகளை அனுப்புங்கள். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள காரங்காட்டில் வனத்துறையினர் அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துச் செல்கிறார்கள். வெயில் ஏறும் முன் போனால் மீன்கொத்திகள், நீர்க்காகங்கள், கொக்குகள் ஆகியவற்றை அவள் அருகிலேயே பார்க்கலாம். இருநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். அவள் வயதுக்கு நோட்டும் பென்சிலுமே போதும் என்பது என் கருத்து.

மதுரைப் புகைப்படக் கலைஞர் அவர்களுக்கு,

தங்கள் படங்களைப் பார்த்தேன். பறக்கும் பூநாரையின் சிறகடியில் உள்ள கருஞ்சிவப்பை இவ்வளவு தெளிவாக எடுத்தவர்கள் எங்கள் குழுவிலும் சிலரே. தை, மாசி மாதங்களில் தனுஷ்கோடிக்கு வரத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பில் அவை மேயும்போது, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு சாலையோரத்திலேயே நின்றால் நல்ல வெளிச்சம் கிடைக்கும். கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவற்றை நோய்ப்பட்டவை என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். அவை இளம்பறவைகள். உண்ணும் இரையிலுள்ள நிறமிகள் உடலில் சேரச் சேர, சில ஆண்டுகளில்தான் அவற்றுக்கு இளஞ்சிவப்பு வருகிறது.

சில செய்திகளைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன். தனுஷ்கோடியின் பூநாரைப் பகுதி 2025-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது. யாராவது படகில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவைத்து எடுத்த படத்தையோ, டிரோன் விட்டு எடுத்த படத்தையோ, கூட்டில் முட்டையோ குஞ்சோ தெரியும் படத்தையோ நாங்கள் வெளியிடுவதில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவை இங்கே இருக்கும் சில மாதங்களில் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் திரும்பிப் போக முடியும். ஒவ்வொரு முறை கிளப்பப்படும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு வீணாகிறது. இதைச் சொல்வதால் தங்கள் மீது ஐயம் கொண்டிருப்பதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். தங்களைப் போன்ற தேர்ந்த கலைஞர்கள் தள்ளி நின்று எடுத்த படத்தைப் போட்டு, எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது என்றும் எழுதினால், புதிதாகக் காமிரா வாங்கிய பிள்ளைகள் அதையே பின்பற்றுவார்கள். திரும்பும் வழியில் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கும் போய் வாருங்கள். இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. தண்ணீர் நின்றால், கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும்.

வாலிநோக்கத்து ஐயா அவர்களுக்கு,

உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதாக எழுதியிருந்தீர்கள். பாத்திகளில் நிற்கும் கரைப்பறவைகளைப் பற்றி உங்களிடம் கேட்க எங்களுக்கு நிறைய இருக்கிறது. எந்த மாதத்தில் முதலில் வரும், பாத்தியில் உப்புச் செறிவு ஏறிய பிறகும் நிற்குமா, அடுத்த பாத்திக்குப் போய்விடுமா என்பதையெல்லாம் உங்கள் நினைவிலிருந்து சொன்னாலே போதும். தட்டச்சு செய்வது சிரமமென்றால் குரல் பதிவாக அனுப்புங்கள் ஐயா, எழுத்தாக்கித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மற்ற புதியவர்களுக்கு: இன்னும் அறிமுகம் எழுதாதவர்கள் உங்கள் ஊரையும், வீட்டைச் சுற்றி வழக்கமாகப் பார்க்கும் ஏதேனும் ஒரு பறவையையும் மட்டும் குறிப்பிட்டால் போதும். படம் போடும்போது இடமும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். பறவைகளோடு தொடர்பில்லாத செய்திகளையும் வாழ்த்துப் படங்களையும் இங்கே பகிர வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு தேவிபட்டினம் கடற்கரையில் நவபாஷாணத்துக்கு அருகே கூடுகிறோம். கட்டணம் இல்லை, முன்பதிவும் தேவையில்லை. தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், இருநோக்கி இல்லாதவர்களுக்கு எங்களிடம் உள்ளவற்றை மாற்றி மாற்றித் தருவோம்.

குழுப் பொறுப்பாளர்கள் சார்பில்,
தேவிபட்டினத்திலிருந்து