பொருள்: தங்கள் பிரிவில் மெர்ச்சண்டைசர் பணி வாய்ப்பு குறித்து

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். 2017-இல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த மாதங்களில் திருப்பூர் அலுவலகத்தில் தங்களின்கீழ் மெர்ச்சண்டைசராக இருந்த கவிதா எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகள் தொடர்பின்றி இருந்துவிட்டு வேலை நிமித்தமாக எழுதுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சுற்றி வளைத்துப் பேசுவது தங்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவேன்.

கோவையில் ஆர்கானிக் பருத்தி ஆடை ஏற்றுமதிப் பிரிவுக்குத் தாங்கள் இப்போது தலைமை வகிப்பதாக நம் பழைய சகபணியாளர் ஒருவர் கூறினார். இடைப்பட்ட காலத்தில் நான் குழந்தைகள் ஆடை ஆர்டர்களைச் சாம்பிள் நிலை முதல் ஷிப்மென்ட் வரை கையாண்டதுடன், ஜிஓடிஎஸ் தணிக்கைக்கான ஆவணங்களை நூல் கொள்முதலிலிருந்தே தொகுத்தும் வந்திருக்கிறேன். தங்கள் குழுவில் இப்போதோ அடுத்த சீசனுக்கோ இடம் இருக்குமானால் என்னையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். இல்லையெனினும், தங்களுக்கு வசதியான ஒரு மாலையில் தொலைபேசியில் பேச அனுமதித்தால் மகிழ்வேன். தற்குறிப்பை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கவிதா